மொய் விருந்துச் செலவும் ஒரு வாத்தியாரின் தப்புக் கணக்கும்

ஆடி பிறந்துவிட்டது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் மொய் விருந்து பிளக்ஸ்தான் கண்ணில் படுகிறது. ஒரே பிளக்ஸில் நான்கு முகம், எட்டு முகம், சில ஊர்களில் அதற்கும் மேல். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு மொய் விருந்து என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் பிள்ளைகளோடு இருக்கும் நண்பர்களுக்காக மட்டும் இரண்டு வரி. கல்யாணம், காதுகுத்து என்று ஒரு விசேஷமும் இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு வைக்கும் விருந்து இது. வாங்கிய மொய்யை, கொடுத்தவர் விருந்து வைக்கும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். தனியாக வைத்தால் செலவு தாங்காது என்று பலர் சேர்ந்து ஒரே பந்தலில் வைக்கிறார்கள். சமையல் ஒன்று, பந்தி ஒன்று. மொய் எழுதும் மேசை மட்டும் ஆளுக்கு ஒன்று.

இன்று நான் எழுத வந்தது அந்தச் செலவைப் பிரித்துக்கொள்வதைப் பற்றி. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் விகிதமும் விகிதசமமும் நடத்தியவன் நான். அப்படிப்பட்டவன், ஒரு மொய் விருந்துச் செலவைத் தப்பாகப் பிரித்துக் கொடுத்து, நான்கு பேரில் இரண்டு பேரைப் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆக்கினேன். ஒவ்வொரு ஆடியிலும் அது நினைவுக்கு வருகிறது. இனி யாரும் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது 2013 ஆடியில். ஊர் பெயர் வேண்டாம், ஆட்கள் பெயரும் வேண்டாம். தொழிலை வைத்தே சொல்கிறேன். டிராக்டர்காரர், பூ வியாபாரி, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தம்பி, டீக்கடைக்காரர் என்று நான்கு பேர் சேர்ந்து விருந்து வைத்தார்கள். கணக்கு எளிதில் புரிய வேண்டும் என்று தொகைகளை முழு எண்ணாக்கித் தருகிறேன்.

மொத்தச் செலவு 3,60,000 ரூபாய். நான்கு மேசையிலும் சேர்ந்து வந்த மொய் 60 லட்சம். அதில் டிராக்டர்காரருக்கு 30 லட்சம், பூ வியாபாரிக்கு 15 லட்சம், சிங்கப்பூர்த் தம்பிக்கு 12 லட்சம், டீக்கடைக்காரருக்கு 3 லட்சம்.

சாயங்காலம் பந்தல் பிரிக்கும் நேரத்தில் பேச்சு ஆரம்பித்தது. எப்படிப் பிரிப்பது என்று அதுவரை யாரும் பேசி வைத்திருக்கவில்லை. "ஆளுக்கு 90,000 போட்ருவோம், வேலை முடிஞ்சுது" என்றார் பூ வியாபாரி. டீக்கடைக்காரர் முகம் வாடிவிட்டது. "அண்ணே, 3 லட்சம் வாங்குனவனும் 90, 30 லட்சம் வாங்குனவங்களும் 90ன்னா எப்படிண்ணே?" என்றார். சாப்பிட வந்த நான் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். "வாத்தியார் இருக்காரே, அவரையே கேப்போம்" என்று என்னை இழுத்துவிட்டார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. பாடப் புத்தகம் அப்படிப் பழக்கியிருந்தது. வாங்கிய மொய்யின் விகிதத்தில் செலவு என்றேன். 30:15:12:3. மொத்தம் 60 பங்கு. 3,60,000-ஐ 60-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 6,000. டிராக்டர்காரர் 1,80,000, பூ வியாபாரி 90,000, தம்பி 72,000, டீக்கடைக்காரர் 18,000. கூட்டிப் பார்த்தால் சரியாக 3,60,000. எல்லாருக்கும் மொய்யில் 100-க்கு 6 ரூபாய்தான் செலவு. இதைவிட நியாயம் என்ன இருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது. டிராக்டர்காரர் ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

நான்கைந்து மாதம் கழித்து, டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "ஒன் விருந்தாளிக்கு நான்தானப்பா சோறு போட்டேன்." டீக்கடைக்காரர் ரோஷக்காரர். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

முதலில் நான் டிராக்டர்காரரைத்தான் குறை நினைத்தேன். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து நிதானமாகப் போட்டுப் பார்த்தபோது, அவர் சொன்னது வார்த்தைதான் தப்பு, கணக்கு சரி என்று தெரிந்தது.

என் வகுத்தலில் பிழை இல்லை. எதன் விகிதத்தில் பிரிப்பது என்று தேர்ந்தெடுத்ததில்தான் பிழை. பாஸ்கராச்சாரியார் 1150-ல் எழுதிய லீலாவதியில் ஒரு கணக்கு வருகிறது. மூன்று வியாபாரிகள் 51, 68, 85 என்று முதல் போடுகிறார்கள். மூன்றும் சேர்ந்து வியாபாரத்தில் 300 ஆகிறது. யாருக்கு எவ்வளவு? மூன்று எண்ணும் 17-ஆல் வகுபடும், ஆகவே 3:4:5. மொத்தம் 12 பங்கு, ஒரு பங்கு 25. விடை 75, 100, 125. எட்டு நூற்றாண்டுக்கு மேலாக நாமும் இதையேதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். முறை கச்சிதமானது. ஆனால் அந்தக் கணக்கில் முதல் போட்ட விகிதம்தான் விகிதம் என்பது கேள்வியிலேயே இருக்கிறது. பணத்தைப் பெருக்கித் தந்தது முதல், ஆகவே முதலின் விகிதத்தில் பலன். மாணவன் செய்ய வேண்டியது கூட்டலும் வகுத்தலும் மட்டுமே. பந்தலடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் முன்னால் மூன்று நான்கு விகிதங்கள் கிடக்கும். எதை எடுப்பது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தச் செலவு எதனால் கூடுகிறது?

மொய் கூடினால் கறி கூடுமா? கூடாது. 10,000 எழுதுகிறவரும் ஒரு இலையில்தான் சாப்பிடுகிறார், 500 எழுதுகிறவரும் ஒரு இலையில்தான் சாப்பிடுகிறார். இன்னொன்றும் இருக்கிறது. மொய் லாபம் அல்ல, கடன். டிராக்டர்காரர் வாங்கிய 30 லட்சம் அவர் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். அதில் ஒரு பகுதி அவர் முன்பு செய்தது திரும்பி வந்ததாகவும் இருக்கும். நிறையக் கடன் வாங்கியவன் நிறையச் செலவு ஏற்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன்! லீலாவதி வியாபாரிகளின் முதலையும் மொய்யையும் ஒன்றாக நினைத்தது என் அறியாமை.

சரி, எப்படிப் பிரித்திருக்க வேண்டும்? செலவு நோட்டை எடுத்து மூன்றாகப் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

முதலாவது, அவரவர் சொந்தச் செலவு. தன் பத்திரிகை அச்சடித்தது, தன் மேசையில் மொய் எழுதியவருக்குக் கொடுத்தது. இது பொதுக் கணக்கில் வரவே கூடாது. நல்ல வேளையாக அன்று வரவில்லை.

இரண்டாவது, ஆள் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாத பொதுச் செலவு. பந்தல், மைக் செட், சீரியல் லைட், பிளக்ஸ், சமையல் பாத்திர வாடகை. அன்றைக்கு இது 80,000. ஒருவர் தனியாக வைத்தாலும் இதில் பெரும் பகுதி ஆகியிருக்கும். அதனால் நான்கு பேருக்கும் சமம், ஆளுக்கு 20,000. ரொம்பக் கறாராகப் பார்த்தால் கூட்டம் கூடினால் பந்தலும் பெரிதாகும்தான். ஆனால் அதையும் பிரிக்கப் போனால் சண்டை வளருமே தவிர நியாயம் வளராது.

மூன்றாவது, வாயைப் பொறுத்த செலவு. கறி, அரிசி, எண்ணெய், மசாலா, இலை, தண்ணீர். இது 2,80,000. இதைத்தான் விருந்தாளிகளின் விகிதத்தில் பிரிக்க வேண்டும்.

விருந்தாளிகளை எண்ணுவது எப்படி? மொய் நோட்டு இருக்கிறதே. ஊர், பெயர், தொகை எல்லாம் வரிசையாக இருக்கும். டிராக்டர்காரர் நோட்டில் 450 பேர், பூ வியாபாரி நோட்டில் 600, தம்பியிடம் 150, டீக்கடைக்காரரிடம் 300. மொத்தம் 1,500 பதிவு. 150-ஆல் சுருக்கினால் 3:4:1:2.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நான் முதல் தடவை அதிலும் விழுந்தேன். டிராக்டர்காரரும் பூ வியாபாரியும் பங்காளிகள், ஒரே வகையறா. அவர்களுக்கு வந்த சொந்தபந்தத்தில் 300 பேர் இரண்டு மேசையிலும் எழுதியிருந்தார்கள். எழுதியது இரண்டு தடவை, சாப்பிட்டது ஒரு தடவை. ஆகவே பதிவு 1,500 என்றாலும் பந்தியில் உட்கார்ந்தது 1,200 பேர்தான். இரண்டு நோட்டிலும் உள்ள பெயரை ஒவ்வொன்றிலும் அரை ஆளாக எண்ண வேண்டும். 300 அரை என்றால் 150. டிராக்டர்காரர் 450-ல் 150 போக 300. பூ வியாபாரி 600-ல் 150 போக 450. மற்ற இரண்டு பேருக்கும் மாற்றமில்லை, 150, 300. கூட்டினால் 1,200 வருகிறது. விகிதம் 2:3:1:2.

மொத்தம் 8 பங்கு. 2,80,000-ஐ 8-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 35,000. சாப்பாட்டுக்கு டிராக்டர்காரர் 70,000, பூ வியாபாரி 1,05,000, தம்பி 35,000, டீக்கடைக்காரர் 70,000. ஆளுக்கு 20,000 சேர்த்தால் 90,000, 1,25,000, 55,000, 90,000. கூட்டுத்தொகை 3,60,000.

இந்த விடையைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். டீக்கடைக்காரருக்கு 90,000! அன்றைக்குப் பூ வியாபாரி சொன்ன சம பங்கும் அதே 90,000தான். அவர் பாவம் என்று நினைத்து நான் போட்ட கணக்கில் அவர் கொடுத்தது 18,000. மீதி 72,000 மற்றவர்கள் தலையில். டிராக்டர்காரர் கொடுக்க வேண்டியது 90,000, நான் வாங்கிக் கொடுத்தது 1,80,000. சரியாக இரண்டு மடங்கு. சம பங்கு கேட்ட பூ வியாபாரிதான் உண்மையில் எல்லோரையும்விட அதிகம் கொடுத்திருக்க வேண்டியவர். அவருடைய ஆட்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள். அவர் மட்டும் எந்தக் கணக்கிலும் 90,000-ஓடு தப்பித்துக்கொண்டார்.

நோட்டை அப்படியே எண்ணி 3:4:1:2 என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டீக்கடைக்காரருக்கு 76,000 வந்திருக்கும். இரட்டைப் பெயரைக் கவனிக்காத ஒரே காரணத்தால் 14,000 வித்தியாசம். கூட்டிப் பார்த்தால் அதுவும் 3,60,000 சரியாகவே வரும். இதை நினைவில் வையுங்கள். பங்குகளைக் கூட்டி மொத்தம் வருகிறதா என்று பார்ப்பது வகுத்தல் பிழையைத்தான் காட்டும். 2:3 என்பதை முதல்வனுக்கு 5-ல் 2 என்று எடுக்காமல் 3-ல் 2 என்று எடுக்கும் பையனை அந்தச் சோதனை பிடித்துவிடும். விகிதமே தப்பு என்றால் அது வாய் திறக்காது. அதற்கு வேறு சோதனை வேண்டும். சாப்பாட்டுச் செலவை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2,80,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் தலைக்குச் சுமார் 233 ரூபாய். நான்கு பேருக்கும் இதே 233 வந்தால் விகிதம் சரி. என் பழைய கணக்கை இதில் வைத்துப் பார்த்தேன். பொதுச் செலவு 20,000 போக, டிராக்டர்காரர் தன் 300 பேருக்கு 1,60,000 கொடுத்திருக்கிறார். தலைக்கு 533. டீக்கடைக்காரர் கொடுத்த 18,000 அவருடைய பந்தல் பங்குக்கே 2,000 குறைவு. அப்படியென்றால் அவருடைய 300 பேரின் சாப்பாட்டுக்கு ஒரு பைசாகூட அவர் தரவில்லை. "ஒன் விருந்தாளிக்கு நான்தான் சோறு போட்டேன்" என்று டிராக்டர்காரர் சொன்னது அப்பட்டமான உண்மை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒரு பதிவுக்கு ஒரு ஆள் என்று வைத்திருக்கிறேன். சிலர் பிள்ளைகுட்டியோடு வருவார்கள், சிலர் மொய்யை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டுச் சாப்பிட வரவே மாட்டார்கள். நான்கு பேருக்கும் இது ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் விகிதம் கெடாது. ஒருவருடைய ஆட்கள் மட்டும் வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் என்றால் கெடும். அப்போது அந்தப் பதிவுகளைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும்.

"அப்படியானால் 3 லட்சம் வாங்கிய ஏழை 90,000 செலவு கொடுப்பது நியாயமா வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். அவருக்கு மொய் தலைக்குச் சராசரி 1,000 ரூபாய். சிங்கப்பூர்த் தம்பிக்குச் சராசரி 8,000. இரண்டு பேருடைய விருந்தாளிக்கும் சாப்பாட்டுச் செலவு அதே 233. டீக்கடைக்காரர் கைக்கு நிற்பது 2,10,000, திருப்பிச் செய்ய வேண்டியது 3 லட்சத்துக்கும் மேல். வாங்கிய கடனில் 100-க்கு 30 ரூபாய் சோற்றுக்கே போய்விட்டது. தம்பிக்கு 100-க்கு 5 ரூபாய்கூட ஆகவில்லை. கேட்டால் மனசு கஷ்டப்படத்தான் செய்கிறது. ஆனால் இது செலவைப் பிரித்த கோளாறு அல்ல. சின்ன மொய்க்காரர் பெரிய மொய்க்காரர்களோடு சேர்ந்து கறி விருந்து வைத்த கோளாறு. விருந்துக்கு முன்னாலேயே இந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டியிருந்தால், இந்தக் கூட்டே வேண்டாம் என்று அவரே ஒதுங்கியிருப்பார், அல்லது செலவு குறைந்த விருந்தாக வேறு நாலு பேரோடு வைத்திருப்பார்.

அவருக்கு உதவ வேண்டும் என்று மற்ற மூன்று பேரும் நினைத்திருந்தால் அதற்கும் வழி இருந்தது. முதலில் அவர் பங்கு 90,000 என்று எழுத வேண்டும். பிறகு "நீ 50 கொடு தம்பி, மீதியை நாங்க பாத்துக்கிறோம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போது கொடுப்பவருக்குத் தான் எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்று தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். வேண்டாம் என்று மறுக்கவும் அவருக்கு வாய்ப்பு இருக்கும். நான் செய்தது வேறு. டிராக்டர்காரரிடம் கேட்காமலே அவர் பணத்தை எடுத்து, விகிதம் என்ற துணியால் மூடி, டீக்கடைக்காரருக்குக் கொடுத்தேன். அவர் தர்மம் வாங்கினார் என்பது அவருக்கே தெரியாது. பத்துப் பேர் முன்னால்தான் தெரிந்தது. தயவைக் கணக்குக்குள் ஒளித்து வைக்கக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். கணக்கு வேறு, தயவு வேறு.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். மொய் விருந்துக்கென்று சட்டம் கிடையாது. ஆனால் கூட்டு வியாபாரத்துக்கு 1932-ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இருக்கிறது. கூட்டாளிகள் தங்களுக்குள் வேறு மாதிரி பேசிக்கொள்ளவில்லை என்றால் லாபமும் நஷ்டமும் சமம் என்கிறது அதன் 13-ஆவது பிரிவு. யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்றுகூட அது பார்ப்பதில்லை. அதில் எனக்குத் தெரிவது இதுதான். பேசாமல் இறங்கினால் சமம், வேறு விகிதம் வேண்டும் என்றால் முன்கூட்டியே பேசு. பூ வியாபாரி சொன்னது கணக்குப்படி தப்பாக இருக்கலாம், ஆனால் பேசி வைக்காத இடத்தில் அதற்கும் ஒரு மரியாதை உண்டு. பந்தல் பிரிக்கும் நேரத்தில் விகிதம் பேசினால் அவரவர்க்கு லாபமான விகிதம்தான் அவரவர் வாயில் வரும்.

ஆகவே இந்த ஆடியில் கூட்டாக விருந்து வைக்கப் போகிறவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். பிளக்ஸுக்குப் போட்டோ கொடுக்கும் அன்றே ஒரு நோட்டில் மூன்று தலைப்புப் போடச் சொல்லுங்கள்: சொந்தச் செலவு, சமப் பங்குச் செலவு, ஆள் கணக்குச் செலவு. இரண்டு மேசையில் எழுதுகிறவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கும்படி மொய் எழுதுகிறவர்களிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் புள்ளிகளை எண்ணினால் போதும். கடைசியில் தலைக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்க்க மறக்க வேண்டாம்.

பேச்சில்லாமல் போன இரண்டு பேரிடமும் போன வருஷம் நானே போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு பேருக்கும் கொடுத்தேன். டீக்கடைக்காரர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா எப்படியாவது பொரட்டிக் கொடுத்திருப்பேனே சார்" என்றார். டிராக்டர்காரர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. கோயில் வாசலில் இப்போது ஒருவரையொருவர் பார்த்தால் தலையாட்டிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.